கம்பெனி பேருக்கு ஒரு பில்

வெளியூர் வேலை முடிந்து திரும்பிய ஊழியர் பயணச் செலவுக் கணக்கைக் கொடுக்கிறார். இரண்டு நாள் கழித்து அக்கவுண்ட்ஸ் பிரிவிலிருந்து போன் வருகிறது. "ஹோட்டல் பில்லுல உங்க பேர்தான் இருக்கு. கம்பெனி பேரும் ஜிஎஸ்டி நம்பரும் போட்டு மாத்தி வாங்கிக் குடுங்க." அவர் ஹோட்டலைக் கூப்பிட்டால், "செக் அவுட் ஆயிடுச்சு சார், இனிமே சிஸ்டத்துல மாத்த முடியாது" என்கிறார் ரிசப்ஷனில் இருப்பவர். பெயரை மாற்றி இன்னொரு தாள் அச்சடித்துத் தருவதில் என்ன சிரமம் என்று ஊழியருக்கு எரிச்சல். தாள்தான் பிரச்சினை என்றால் அந்த எரிச்சல் நியாயம். ஆனால் இங்கே பிரச்சினை தாளில் இல்லை.

கம்பெனி எதற்காக இதைக் கேட்கிறது? ஹோட்டலில் நாம் கட்டும் ஜிஎஸ்டியை, தொழிலுக்காகச் செய்த செலவு என்றால், கம்பெனி தான் அரசுக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். இதைத்தான் இன்புட் கிரெடிட் என்கிறார்கள். அந்த வரியைக் கட்டியது இன்ன கம்பெனி என்று அரசுக்குத் தெரிந்தால்தான் கழிக்க முடியும். தெரிவிக்க வேண்டியது ஹோட்டல். ஒவ்வொரு மாத விற்பனையையும் அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற படிவத்தில் ஹோட்டல் ஏற்ற வேண்டும். சாதாரண விருந்தினர்களுக்குப் போட்ட பில்கள் அதில் மொத்தத் தொகையாகத்தான் போகும்; யார் தங்கினார் என்பது அரசுக்கு வேண்டியதில்லை. ஜிஎஸ்டி பதிவு உள்ளவருக்குப் போட்ட பில் மட்டும் தனித்தனி வரியாக, பில் நம்பர், தேதி, தொகை, வாங்கியவரின் ஜிஎஸ்டி நம்பர் சகிதம் போகும். அப்படிப் போனவை 14-ஆம் தேதி அந்தந்த கம்பெனியின் கணக்கில் ஜிஎஸ்டிஆர்-2பி என்ற பட்டியலாக வந்து நிற்கும். பட்டியலில் இல்லாத பில்லுக்கு வரவு எடுக்கச் சட்டம் இடம் தருவதில்லை.

அதனால்தான், அச்சடித்த பில்லின் மேல் பேனாவால் கம்பெனி பெயரையும் நம்பரையும் எழுதி, சீல் குத்தி, கையெழுத்துப் போட்டுத் தரும் ரிசப்ஷன் உபகாரத்தால் ஒரு பைசா பிரயோசனமில்லை. ஹோட்டல் கணக்கில் அது இன்னும் யாரோ ஒரு விருந்தினரின் பில்தான். அக்கவுண்ட்ஸ்காரர் அந்தத் தாளைப் பார்த்துத் திருப்தியாகி ஃபைலில் வைத்துவிட்டால், 14-ஆம் தேதிப் பட்டியலைத் திறக்கும்போதுதான் விஷயம் தெரியும்.

மாற்றித் தரக் கேட்டால் ஹோட்டலில் உண்மையில் என்ன நடக்க வேண்டும் என்பதை ஒரு கணக்கோடு பார்த்தால் புரியும். கோயம்புத்தூரில் பம்ப்செட் செய்யும் ஒரு கம்பெனி. அதன் சர்வீஸ் இன்ஜினியர் சென்னைக்கு வந்து ஜூன் 27 முதல் மூன்று இரவு தங்குகிறார். அறை வாடகை இரவுக்கு 8,000 ரூபாய். மூன்று இரவுக்கு 24,000. 18 சதவீத ஜிஎஸ்டி 4,320. ஹோட்டல் ரெஸ்டாரண்டில் சாப்பிட்டது 2,400, அதற்கும் 18 சதவீதம், 432. மொத்த பில் 31,152 ரூபாய். செக் இன் செய்தபோது ஆதார் நகலைக் கொடுத்தாரே தவிர கம்பெனி நம்பரைக் கொடுக்கவில்லை. 30-ஆம் தேதி தன் கார்டில் பணம் கட்டிவிட்டு, தன் பெயரில் இருந்த பில்லோடு ஊருக்கு வந்துவிட்டார்.

ஜூலை 4-ஆம் தேதி அவர் ஹோட்டலுக்குப் பேசினால் வேலை சுலபம். ஜூன் மாதக் கணக்கு இன்னும் அரசுக்குப் போகவில்லை. அதே பில் நம்பர், அதே தேதி. வாங்கியவர் என்ற இடத்தில் மட்டும் கம்பெனியின் பெயரும் முகவரியும் ஜிஎஸ்டி நம்பரும் ஏற வேண்டும். ஹோட்டலின் ஆண்டு வியாபாரம் 5 கோடி ரூபாயைத் தாண்டியது என்றால் இன்னொரு படியும் உண்டு. கம்பெனி பெயருக்குப் போடும் பில்லை அவர்கள் அரசின் இ-இன்வாய்ஸ் தளத்தில் ஏற்றி, ஐஆர்என் என்ற 64 எழுத்துக் குறியீட்டையும் கியூஆர் கோடையும் வாங்கி அச்சிட வேண்டும். தனிநபர் பில்லுக்கு இது தேவையில்லை என்பதால் இன்ஜினியரின் முதல் பில்லில் இருந்திருக்காது. மாற்றி வந்த பில்லைக் கையில் வாங்கியதும் பார்க்க வேண்டியது இதைத்தான். பெரிய ஹோட்டலின் பில்லில் கம்பெனி பெயர் அழகாக இருந்து ஐஆர்என் இல்லை என்றால், யாரோ வேர்ட் ஃபைலில் பெயரை மாற்றி அச்சடித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். சட்டப்படி அது செல்லுபடியாகும் இன்வாய்ஸே அல்ல.

ஜூலை 11 தாண்டிவிட்டால் கதை வேறு. ஜூன் மாதத்து மொத்தத் தொகைக்குள் இந்த பில்லும் சேர்ந்து அரசுக்குப் போயாகிவிட்டது. இனி ஹோட்டலின் ஆடிட்டர் அடுத்த படிவத்தில் ஜூன் மொத்தத்திலிருந்து 24,000 ரூபாயையும் உணவுத் தொகையையும் குறைத்துக் காட்டி, கம்பெனி பெயரில் தனி வரியாகச் சேர்க்க வேண்டும். சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. ஆனால் ஒரு விருந்தினருக்காக அதைச் செய்ய எத்தனை ஹோட்டல் முன்வரும்? இன்னொரு முட்டுக்கட்டையும் இருக்கிறது. ஆண்டு வியாபாரம் 10 கோடியும் அதற்கு மேலும் உள்ளவர்கள், 2025 ஏப்ரல் முதல், பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் இ-இன்வாய்ஸ் ஏற்றியாக வேண்டும். அதற்குப் பின் தளம் ஏற்காது. ஆகஸ்டில் வந்து ஜூன் பில்லைக் கேட்பவரிடம் "சிஸ்டம் எடுக்கலை சார்" என்று அவர்கள் சொன்னால், அது தட்டிக்கழிப்பாகவே இருக்க வேண்டியதில்லை.

கம்பெனி நம்பரைக் கொடுத்தும் தவறாக ஏறிவிட்டால் இன்னும் சிக்கல். ஐஆர்என் வாங்கிய பில்லைத் திருத்தவே முடியாது; 24 மணி நேரத்துக்குள் அந்தத் தளத்தில் ரத்து செய்யலாம், ரத்து செய்த பில் நம்பரை மறுபடி பயன்படுத்த முடியாது, வேறு நம்பரில் புதிதாகப் போட வேண்டும். 24 மணி நேரம் போய்விட்டால் கிரெடிட் நோட் போட்டுப் பழையதை அடைத்து, புது பில் போடுவதுதான் வழக்கம். ஆகவே செக் அவுட் கவுண்டரில், டாக்ஸி வெளியே காத்திருந்தாலும், ஜிஎஸ்டி நம்பரின் 15 இடங்களையும் ஒருமுறை விரல் வைத்துப் படித்துவிடுவது நல்லது. முதல் இரண்டு எண்கள் மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29, கேரளத்துக்கு 32. அடுத்த பத்தும் கம்பெனியின் பான் நம்பர். ஐந்து எழுத்து, நான்கு எண், ஒரு எழுத்து என்ற வரிசையில் இருக்கும். பூஜ்யத்தை 'ஓ' என்று அடிப்பதும் ஒன்றை 'ஐ' என்று அடிப்பதும் இங்கேதான் நடக்கிறது. எழுத்து வர வேண்டிய இடம் எது, எண் வர வேண்டிய இடம் எது என்று தெரிந்தவருக்கு உடனே கண்ணில் படும். இவ்வகைத் தவறை அரசுத் தளமும் பெரும்பாலும் பிடித்துவிடும், ஏனென்றால் கடைசி எழுத்து முந்தைய பதினான்கையும் வைத்துக் கணக்கிடப்பட்ட சரிபார்ப்புக் குறி. அது பிடிக்காத தவறு ஒன்றுதான்: அதே கம்பெனியின் வேறு மாநில நம்பரைக் கொடுத்துவிடுவது. நம்பர் சரியானது, ஆள் சரியானவர், மாநிலம் மட்டும் தவறு.

இந்த மாநில விஷயம்தான் பலருக்கும் தெரியாதது. அக்கவுண்ட்ஸ் பிரிவுகளிலேயே சிலருக்குத் தெரியாது என்பது என் அனுபவம்.

ஒரு மோட்டாரை சென்னையிலிருந்து பெங்களூருக்கு விற்றால் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் வியாபாரம்; ஐஜிஎஸ்டி போடுவார்கள், வாங்கிய பெங்களூர் கம்பெனி வரவு எடுத்துக்கொள்ளும். ஹோட்டல் அறை அப்படி எங்கும் போவதில்லை. கட்டடம் எந்த மாநிலத்தில் நிற்கிறதோ அந்த மாநிலத்தில்தான் சேவை நடந்தது என்று சட்டம் வைத்திருக்கிறது, தங்கியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும். ஆகவே பெங்களூர் ஹோட்டல் எப்போதும் சிஜிஎஸ்டி பாதி, கர்நாடக எஸ்ஜிஎஸ்டி பாதி என்றே பில் போடும். அந்த வரியைக் கழித்துக்கொள்ள கர்நாடகத்தில் பதிவு இருக்க வேண்டும். நம் கோயம்புத்தூர் கம்பெனிக்கு 33-இல் தொடங்கும் ஒரே ஒரு நம்பர்தான் என்றால், அதே இன்ஜினியர் அதே வாடகையில் பெங்களூரில் தங்கி, கம்பெனி பெயர், முகவரி, ஜிஎஸ்டி நம்பர், ஐஆர்என் எல்லாம் அப்பழுக்கில்லாமல் வாங்கி வந்தாலும், அந்த 4,320 ரூபாயில் வரவு எடுக்க முடியாது. பில் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் வரவும் செய்யும். ஆனால் வரவு கிடையாது என்ற குறிப்போடு வரும். அதற்காக ஊழியரை நான்கு முறை பெங்களூருக்குப் போன் போட வைப்பது வீண் வேலை.

கம்பெனிக்கு பெங்களூரில் கிளை இருந்து, அதற்கு 29-இல் தொடங்கும் நம்பரும் இருந்து, பயணமும் அந்தக் கிளையின் வேலைக்காக என்றால், அந்த நம்பரைக் கொடுப்பதுதான் முறை. பல மாநிலங்களில் கிளை உள்ள கம்பெனிகள் ஊழியர்களுக்கு மாநிலவாரியாக நம்பர்கள் அச்சடித்த சின்ன அட்டை ஒன்றைக் கொடுத்துவிடுகின்றன. போகும் ஊரைப் பார்த்து நம்பரைக் காட்ட வேண்டும். மேலே சொன்ன தவறு நடப்பது, தலைமை அலுவலக நம்பரை மனப்பாடமாக வைத்திருப்பவர் எல்லா ஊரிலும் அதையே சொல்லும்போதுதான்.

சரி, சென்னை பில்லுக்கே வருவோம். கோயம்புத்தூரும் சென்னையும் ஒரே மாநிலம், ஜூலை 4-ஆம் தேதியே பில் மாறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கம்பெனிக்கு எவ்வளவு கிடைக்கும்? மொத்த வரி 4,752 என்றாலும் கிடைப்பது 4,320-தான். உணவுக்குக் கட்டிய 432 ரூபாய்க்கு வரவு இல்லை. உணவு, பானம், கேட்டரிங் போன்றவற்றைச் சட்டம் தனியாக வரவு எடுக்கக் கூடாத பட்டியலில் வைத்திருக்கிறது. உணவையே விற்கும் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் விலக்கு. அதனால் உணவையும் அறையையும் தனி வரிகளாகக் காட்டும் பில் நல்லது. 'தங்குமிடம், உணவு சேர்த்து' என்று ஒரே தொகையாகப் போட்டு வந்தால் அக்கவுண்ட்ஸ்காரருக்குத் தலைவலி. காலை உணவு வாடகையில் சேர்ந்தது என்று விளம்பரப்படுத்தி, தனியாகக் கணக்குப் போடாத அறைகளில் இந்தப் பிரச்சினை பெரிதாக எழுவதில்லை.

அறை வாடகையும் கணக்கில் முக்கியமாகிவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு இரவுக்கு 7,500 ரூபாய் வரை வாடகை உள்ள அறைகளுக்கு வரி 5 சதவீதம். அதற்கு முன் 12 சதவீதமாக இருந்தது. 7,500-க்கு மேல் 18 சதவீதம் அப்படியே தொடர்கிறது. எது 7,500 என்பது போர்டில் எழுதிய கட்டணத்தை வைத்து அல்ல, உண்மையில் வாங்கிய தொகையை வைத்து. 5 சதவீத வரியில் ஒரு நிபந்தனை உண்டு: ஹோட்டல் தான் வாங்கும் பொருட்களுக்குக் கட்டிய வரியில் வரவு எடுக்கக் கூடாது. இதைக் கேட்டு, விருந்தினரின் கம்பெனிக்கும் வரவு இல்லை என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை, தடை ஹோட்டலுக்குத்தான், கம்பெனி அந்த 5 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளலாம்.

ஆனால் அது எவ்வளவு பணம் என்று பார்க்க வேண்டும். நம் இன்ஜினியர் 3,000 ரூபாய் அறையில் மூன்று இரவு தங்கியிருந்தால் மொத்த வரி 450 ரூபாய். அந்த 450-க்காக ஹோட்டலுக்கு மின்னஞ்சல், நினைவூட்டல், போன், ஹோட்டல் தரப்பில் ஆடிட்டரின் திருத்தம் என்று போனால் இரண்டு பக்கமும் செலவழியும் நேரத்தின் விலை அதைத் தாண்டிவிடும். நம்பரை முன்னாலேயே கொடுத்திருந்தால் எந்தச் செலவும் இல்லை. கேட்கும் முன்பே கொடுப்பதும் கேட்ட பின் மாற்றுவதும் ஒரே பலனைத் தந்தாலும் ஒரே வேலை அல்ல.

எப்போது கொடுப்பது? அறை பதிவு செய்யும்போதே கொடுப்பது உத்தமம். ஹோட்டலின் மென்பொருளில் கம்பெனி கணக்காகவே அறை திறக்கப்படும். அடுத்தது செக் இன். கடைசி வாய்ப்பு, பணம் கட்டும் முன் "பில்லை ஒருமுறை காட்டுங்க" என்று கேட்டு வாங்கிப் பார்ப்பது. ஹோட்டல்களில் இரவு ஒரு மணி, இரண்டு மணி வாக்கில் அன்றைய கணக்கை அடைத்துவிடுவார்கள். நைட் ஆடிட் என்று பெயர். அதற்குப் பின் அன்றைய பில்லைத் திறக்கும் அதிகாரம் பல இடங்களில் ரிசப்ஷன்காரரிடம் இருக்காது, அக்கவுண்ட்ஸ் மேலாளரிடம்தான் இருக்கும். அதனால் செக் அவுட் ஆன பின் மாற்ற வேண்டுமானால் ரிசப்ஷன் நம்பருக்குத் திரும்பத் திரும்பப் பேசுவதை விட, "உங்க அக்கவுண்ட்ஸ் மெயில் ஐடி குடுங்க" என்று கேட்பதில்தான் காரியம் இருக்கிறது. அந்த மெயிலில் பில் நம்பர், தங்கிய தேதிகள், அறை எண், விருந்தினர் பெயர், கம்பெனியின் பதிவு பெற்ற முழுப் பெயர், பதிவு முகவரி, ஜிஎஸ்டி நம்பர் இவ்வளவும் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழின் முதல் பக்கத்தை இணைத்துவிட்டால் எழுத்துப்பிழைக்கு இடமிருக்காது. விருந்தினர் பெயரை எடுத்துவிடச் சொல்லத் தேவையில்லை. கம்பெனி வாங்குபவர், இன்னார் தங்கியவர் என்று இரண்டும் இருப்பதுதான் கணக்குக்கு வசதி.

ஆன்லைன் தளத்தில் பணம் கட்டி அறை எடுத்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தளம் அனுப்பும் வவுச்சர் ஹோட்டல் அறைக்கான வரி பில் என்று நினைத்துவிடக் கூடாது. பல நேரம் தளம் தரும் இன்வாய்ஸ் அதன் சேவைக் கட்டணத்துக்கு மட்டும்தான் இருக்கும். அந்தத் தளத்திலேயே ஜிஎஸ்டி நம்பர் போட இடம் இருந்தால் அங்கே போட்டுவிட்டு, அறைக்கான பில் யார் தருவார், எந்தப் பெயரில் தருவார் என்பதை ஹோட்டலுக்குப் போனதும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

சின்ன லாட்ஜ்களில் பில்லின் தலைப்பைப் பார்த்தால் போதும். 'டாக்ஸ் இன்வாய்ஸ்' என்று இருந்தால்தான் மேலே சொன்னதெல்லாம். 'பில் ஆஃப் சப்ளை' என்று இருந்தால் அந்த லாட்ஜ் தொகுப்பு வரித் திட்டத்தில் இருக்கிறது. அவர்கள் வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது, ஆகவே கம்பெனிக்குக் கழித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஆண்டு வியாபாரம் 20 லட்சத்துக்குள் இருந்து பதிவே செய்யாத லாட்ஜ்களும் உண்டு. அவர்களிடம் போய் ஜிஎஸ்டி பில் கேட்டு மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை.

எல்லாம் செய்தும் ஹோட்டல் மாற்றித் தரவில்லை என்று வைத்துக்கொள்வோம். வரவு எடுப்பதற்கான கடைசிக் கெடு, அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30. அதற்கு முன்பே ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டால் அதோடு சரி. அதுவரை நினைவூட்டலாம். அதற்கு மேல் ஜிஎஸ்டி பக்கம் அந்தப் பணம் போனதுதான். ஆனால் செலவே போய்விடாது. ஊழியர் பெயரில் பில் இருந்தாலும், அது கம்பெனி வேலைக்கான பயணம் என்பதற்கு அலுவலக உத்தரவும் பயணக் கணக்கும் இருந்தால், வரி உட்பட முழுத் தொகையையும் வருமான வரிக் கணக்கில் கம்பெனி செலவாகக் காட்டலாம். 22 சதவீத விகிதத்தைத் தேர்ந்தெடுத்த கம்பெனிக்கு மேல்வரிகள் சேர்த்து வருமான வரி 25 சதவீதத்தைச் சற்றே தாண்டும். கைநழுவிய 4,320 ரூபாயும் செலவில் சேர்ந்ததால் சுமார் 1,087 ரூபாய் வருமான வரி குறைகிறது. ஆக, உண்மை நஷ்டம் 3,233 ரூபாய். சில கம்பெனிகள் இதற்காக 4,320-ஐ முழுதாக ஊழியரின் பயணப் படியில் பிடித்துக்கொள்கின்றன. நம்பரைக் கொடுக்க மறந்தவர் அவர்தான் என்றாலும், கம்பெனிக்கு ஏற்பட்ட நஷ்டத்தை விட 1,087 ரூபாய் அதிகமாக அவரிடம் வாங்குவதற்கு என்ன கணக்கு என்று அந்த அக்கவுண்ட்ஸ் பிரிவைத்தான் கேட்க வேண்டும்.